சம்பளச் சான்று கேட்கும்போது காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்



விசா விண்ணப்பம் சம்பந்தமாக நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஏதோ ஒரு சம்பளச் சான்று இருக்கவே செய்கிறது. கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அது வங்கிக் கடனுக்காகப் போன வருடம் எழுதி வாங்கியதாக இருக்கும். அல்லது, விசா கொடுக்கிற அலுவலகம் பார்க்க விரும்புகிற அந்த ஒரு வரி அதில் இல்லாமல் இருக்கும். காகிதம் நிஜமானதுதான், இந்த வேலைக்கு மட்டும் உதவாது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கேட்ட விதம்தான். "எனக்கு ஒரு சாலரி சர்டிபிகேட் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், கணக்கர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற மாதிரியில் பெயரை மாற்றி அச்சிட்டுக் கொடுத்துவிடுவார். எதற்காக, எந்த அலுவலகத்துக்கு, யாருடைய விசாவுக்கு என்று சொல்லிக் கேட்டால்தான் அதற்குத் தேவையான வரிகள் அதில் வரும். நம் பகுதிக் குடும்பங்களுக்கு அதிகம் பழக்கமான ஒரு விஷயத்தை வைத்து இதை விளக்குகிறோம். அமீரகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவி மக்களைத் தன்னிடம் அழைத்துக்கொள்வதற்கான குடும்ப விசாதான் அது. ஊரில் இருக்கிற சகோதரிகள் இதைப் படித்துவிட்டு, அங்கிருக்கும் கணவருக்கோ மகனுக்கோ அனுப்பி வைக்கலாம்.

எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது?

மூன்று காகிதங்களை நம் மக்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, சம்பளச் சான்று. இன்னார் எங்களிடம் இன்ன பதவியில், இன்ன தேதி முதல் வேலை பார்க்கிறார், அவருக்கு மாதம் இவ்வளவு சம்பளம் என்று முதலாளி எழுதித் தரும் கடிதம் இது. கொடுக்க வேண்டியவர் முதலாளி அல்லது கம்பெனியின் எச்.ஆர். பிரிவு. சிறிய கம்பெனிகளில் கணக்கரோ, அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் மந்தூப்போ தயார் செய்து, கையெழுத்திட அதிகாரம் உள்ளவரிடம் வாங்கித் தருவார்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு. பே ஸ்லிப் என்று சொல்வது இதைத்தான். ஒரு மாதத்தில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு பிடித்தம் போனது, கைக்கு எவ்வளவு வந்தது என்பதை இது காட்டும். இதுவும் கம்பெனியில் வாங்க வேண்டியது.

மூன்றாவது, வங்கிக் கணக்கறிக்கை. பாங்க் ஸ்டேட்மென்ட். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் இதை முதலாளியிடம் கேட்பதில் பொருளில்லை. உங்கள் கணக்கின் விவரத்தை உங்களுக்குத் தருவது வங்கிதான். வங்கிக் கிளையில் முத்திரையோடு வாங்கலாம். பல வங்கிகளின் செயலியிலும் எடுத்துக்கொள்ள முடியும். அப்படி எடுத்ததை விண்ணப்பம் வாங்குகிற இடத்தில் ஏற்பார்களா, முத்திரை வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குறைந்த சம்பளத்தில் இருக்கும் பல சகோதரர்களுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. கம்பெனி கொடுத்த சம்பள அட்டை மட்டும்தான் இருக்கும். அமீரகத்தில் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதை டபிள்யூ.பி.எஸ். என்கிறார்கள். அந்த முறையின் கீழ் கம்பெனி சம்பளத்தை வங்கி வழியாகவோ எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ அனுப்புகிறது, அது அரசின் பதிவிலும் ஏறுகிறது. அட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு வங்கிக் கணக்கறிக்கை என்று ஒன்று தனியாக இருக்காது. அவர் கம்பெனியின் கணக்குப் பிரிவிடம், "இந்த அட்டையில் கடைசி மூன்று மாதம் சம்பளம் ஏறியதற்கான அறிக்கை விசாவுக்காக வேண்டும், அதை யாரிடம் வாங்குவது?" என்று கேட்க வேண்டும். அட்டையைக் கம்பெனி ஏற்பாடு செய்திருப்பதால், எந்த எக்ஸ்சேஞ்சில், எந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற விவரம் அவர்களிடம்தான் இருக்கும்.

காரணம் சொன்னால் என்ன மாறுகிறது?

முதலில், கடிதம் யாருக்கு என்பது முடிவாகிறது. வங்கிக்கு எழுதிய சான்றை விசா அலுவலகத்தில் கொடுத்தால், "இது எங்களுக்கு எழுதியது இல்லையே" என்று திருப்பிவிட முடியும். "சம்பந்தப்பட்டவர் எவருக்கும்" என்று பொதுவாக எழுதியதைச் சில இடங்களில் வாங்குவார்கள், சில இடங்களில் வாங்க மாட்டார்கள். எந்த அலுவலகம் என்று தெரிந்திருக்கும்போது அதன் பெயரையே எழுதி வாங்குவதில் சிரமம் ஒன்றுமில்லை. துபாய் விசாவாக இருந்தால் துபாயின் ஜி.டி.ஆர்.எஃப்.ஏ. ஷார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற அமீரகங்களில் ஐ.சி.பி. என்ற கூட்டாட்சி ஆணையம். உங்கள் விசா எந்த அமீரகத்தில் அடிக்கப்பட்டதோ, அதற்குரிய பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடிதத்தில் என்ன வரிகள் இருக்க வேண்டும் என்பது மாறுகிறது. கடன் கொடுக்கிற வங்கிக்கு, சம்பளம் மாதாமாதம் தங்கள் வங்கிக்கே வருமா என்பதுதான் கவலை. குடும்ப விசா கொடுக்கிற அலுவலகம், இந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் வாழ முடியுமா, தங்க இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. சுற்றுலா விசா கொடுக்கிற ஒரு தூதரகத்துக்கு, இந்த ஆள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்புவாரா என்பதே கேள்வி. ஒரே ஆள், ஒரே சம்பளம், ஆனால் மூன்று இடங்களுக்கும் மூன்று விதமான கடிதம் தேவைப்படுகிறது.

மூன்றாவதை நம் சகோதரர்கள் யோசிப்பதில்லை. காரணம் சொல்லாமல் சம்பளச் சான்று கேட்டால் முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. கடன் வாங்கிவிட்டுப் பாதியில் போய்விடுவாரோ, நாளைக்கு வங்கி நம்மிடம் வந்து நிற்குமோ என்று ஒரு பயம். வேறு கம்பெனியில் வேலை தேடுகிறாரோ, அங்கே காட்டிச் சம்பளம் பேசுவதற்குத்தான் கேட்கிறாரோ என்று இன்னொரு பயம். அதனால்தான் "நாளைக்கு வா", "அரபாப் ஊரில் இல்லை" என்று நாட்கள் போகின்றன. "என் மனைவி, இரண்டு பிள்ளைகளுக்குக் குடும்ப விசா போடப் போகிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமிருக்காது. குடும்பத்தை அழைத்துக்கொள்கிறவர் இங்கேயே நிலைத்திருக்கப் போகிறார் என்பது முதலாளிக்கே தெரியும்.

ஒரு விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ஷார்ஜாவில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் ஒரு சகோதரரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவருடைய வேலை ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 2,200 திர்ஹம், சாப்பாட்டுப் படி 600, போக்குவரத்துப் படி 400. மொத்தம் 3,200. கம்பெனி அவருக்குக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குடியிருப்பையும் கொடுத்திருக்கிறது. அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம் கம்பெனியின் பெயரில் இருக்கிறது.

அமீரகத்தில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வைத்திருக்கும் அளவு இதுதான்: மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். முன்பெல்லாம் என்ன தொழில் என்பதையும் பார்த்தார்கள். 2019-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு தொழில் ஒரு தடையாக இல்லை, வருமானமே அளவுகோல் ஆகிவிட்டது. ஆகவே ஸ்டோர் கீப்பரும் ஓட்டுநரும்கூட இந்த அளவை எட்டினால் விண்ணப்பிக்கலாம்.

இந்தச் சகோதரர் காரணம் சொல்லாமல் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கர் வழக்கமான மாதிரியில், "இவருடைய மொத்த மாதச் சம்பளம் 3,200 திர்ஹம்" என்று எழுதித் தருவார். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அதை வாங்கிப் பார்க்கிற அலுவலர் கண்ணில் படுவது 3,200 என்ற எண் மட்டும்தான். அது 4,000-க்குக் குறைவு. தங்குமிடம் இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தகுதி இருக்கிற ஒருவர் தகுதி இல்லாதவரைப் போல் தெரிகிறார்.

அதே சகோதரர் காரணத்தைச் சொல்லிக் கேட்டால், அதே கணக்கர் இரண்டு வரிகள் கூடுதலாக எழுதுவார். "இவருக்கு நிறுவனம் தங்குமிடம் வழங்குகிறது" என்பது ஒன்று. "ஷார்ஜாவில் இன்ன கட்டிடத்தில், நிறுவனத்தின் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டுள்ள இன்ன எண் குடியிருப்பில் இவர் தம் குடும்பத்துடன் தங்க நிறுவனம் அனுமதிக்கிறது" என்பது மற்றொன்று. இரண்டாவது வரி மிகவும் முக்கியம். வாடகை ஒப்பந்தம் இவர் பெயரில் இல்லாததால், அந்த வீட்டுக்கும் இவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல இந்த வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதோடு வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தங்குமிடம் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. லேபர் கேம்பில் ஆறு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில் கொடுத்திருந்தால், அதைக் காட்டிக் குடும்பத்தை அழைக்க முடியாது. குடும்பம் வந்து இருக்கக்கூடிய வீடாக இருக்க வேண்டும். அப்படி இல்லாதவர் தனியாக வீடு எடுத்து, துபாயில் என்றால் இஜாரி பதிவோடும், ஷார்ஜாவில் என்றால் பலதியாவின் சான்று பெற்ற ஒப்பந்தத்தோடும் வர வேண்டியிருக்கும். அப்போது சம்பளத்தில் 4,000 என்ற அளவையே அவர் எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கணக்கறிக்கையும் சான்றும் ஒன்றையொன்று ஒத்துப் பேச வேண்டும்

சான்று சரியாகிவிட்டது. இனி வங்கிக் கணக்கறிக்கை. இது எல்லா இடத்திலும் கேட்கப்படுவதில்லை. கேட்டால் கடைசி மூன்று மாதத்துக்கானதைக் கேட்பது வழக்கம். நம் சகோதரரின் மூன்று மாத வரவு இப்படி இருக்கிறது: ஆகஸ்டில் 3,200, செப்டம்பரில் 2,700, அக்டோபரில் 2,700.

என்ன நடந்தது? ஜூலையில் உம்மாவின் மருத்துவச் செலவுக்காகக் கம்பெனியில் 1,000 திர்ஹம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதை மாதம் 500 வீதம் இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் அலுவலர் பார்க்கிறபோது சான்றில் 3,200, வங்கியில் 2,700. அதுவும் 3,000-க்குக் கீழே. எது உண்மை என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

இதற்கு வழி எளிது. அந்த இரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் கம்பெனியில் வாங்கிச் சேர்த்துவிட வேண்டும். மொத்தம் 3,200, முன்பணப் பிடித்தம் 500, கைக்கு 2,700 என்று அதில் தெளிவாக இருக்கும். சம்பளச் சீட்டு கொடுக்கும் வழக்கம் இல்லாத கம்பெனியாக இருந்தால், சான்றிலேயே ஒரு வரி கேட்கலாம்: "செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் முன்பணத்துக்காக 500 திர்ஹம் வீதம் பிடித்தம் செய்யப்பட்டது, பிடித்தம் அக்டோபருடன் முடிந்தது." அவசரம் இல்லாதவர் இன்னும் ஒன்றிரண்டு மாதம் பொறுத்து, முழுச் சம்பளம் ஏறிய பிறகு விண்ணப்பிப்பதும் நல்ல யோசனைதான்.

சம்பளத்தின் ஒரு பகுதி வங்கியிலும் மீதி கையிலுமாகக் கொடுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவருக்கு இது பெரிய சிக்கல். கையில் வாங்கும் பணம் ஒப்பந்தத்திலும் இருக்காது, வங்கியிலும் இருக்காது. சான்றில் மட்டும் அதைச் சேர்த்து எழுதி வாங்கினால் மூன்று காகிதமும் மூன்று கணக்குச் சொல்லும். இவர்கள் சான்று கேட்பதற்கு முன்பே, ஒப்பந்தத்தில் உண்மையான சம்பளத்தைப் பதிவு செய்யும்படி முதலாளியிடம் பேசியாக வேண்டும்.

எப்படிக் கேட்பது?

வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், அல்லது பாதியை விட்டுவிடுவார்கள். ஈமெயிலில் எழுதுங்கள். ஈமெயில் பழக்கம் இல்லாத கம்பெனியில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி பிரதிகளைச் சேர்த்துவிடுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டியிருக்கும். அதில் இருக்க வேண்டிய செய்தியைத் தமிழில் தருகிறோம், இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம்.

"மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

நான் நம் நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராகப் பணிபுரிகிறேன். என் ஊழியர் எண் இது. என் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஷார்ஜாவில் குடும்பக் குடியிருப்பு விசா விண்ணப்பிக்க இருக்கிறேன். இதற்காக ஐ.சி.பி. அலுவலகத்துக்கு முகவரியிட்ட சம்பளச் சான்று ஒன்று எனக்குத் தேவைப்படுகிறது.

சான்றில் என் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், பதவி, பணியில் சேர்ந்த தேதி, அடிப்படைச் சம்பளமும் படிகளும் தனித்தனியாக, மொத்தச் சம்பளம், நிறுவனம் எனக்குத் தங்குமிடம் வழங்குகிறது என்ற விவரம், அதில் குடும்பத்துடன் தங்க அனுமதி ஆகியவை இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்குமிட வாடகை ஒப்பந்தத்தின் பிரதியும், செப்டம்பர், அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டுகளும் தந்து உதவ வேண்டும்.

இந்தச் சான்றை இந்த விசா விண்ணப்பத்துக்கு மட்டுமே பயன்படுத்துவேன். வரும் 15-ஆம் தேதி விண்ணப்பிக்கத் திட்டமிட்டிருப்பதால் 10-ஆம் தேதிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இவ்வளவுதான். இதில் குடும்பக் கஷ்டங்களை விவரிக்க வேண்டியதில்லை. "இந்த விண்ணப்பத்துக்கு மட்டுமே" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். முதலாளியின் தயக்கத்தைப் போக்குவது அதுதான். தேதியைக் குறிப்பிடுவதற்கும் காரணம் இருக்கிறது. சான்று பழையதாக இருந்தால் புதியது கொண்டுவரச் சொல்வார்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருப்பது நல்லது. ஆகவே மற்றக் காகிதங்கள் எல்லாம் தயாரான பிறகு கடைசியாக இதைக் கேளுங்கள். குறிப்பாக, ஊரில் இருக்கும் திருமணச் சான்றும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று ஒவ்வொரு கட்டமாக அட்டஸ்டேஷன் ஆகி வருவதற்கு நாட்கள் எடுக்கும். அது முடிவதற்குள் வாங்கிய சம்பளச் சான்று பழையதாகிவிடும்.

கையில் வந்ததும் உடனே பாருங்கள்

சான்று கைக்கு வந்ததும் மடித்து உறையில் வைத்துவிடாமல், பாஸ்போர்ட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். முதலில் பெயர். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். வாப்பாவின் பெயர் சில காகிதங்களில் முழுதாகவும், சிலவற்றில் இனிஷியலாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே சான்றிலும் இருக்க வேண்டும். அடுத்து பதவி. கடையில் எல்லோரும் "சூப்பர்வைசர்" என்று கூப்பிடலாம், ஆனால் ஒப்பந்தத்தில் ஸ்டோர் கீப்பர் என்று இருந்தால் சான்றிலும் அதுவே இருக்க வேண்டும். பிறகு சம்பளம், ஒப்பந்தத்தில் உள்ளபடியே. கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண், கம்பெனி முத்திரை, தேதி. எண் எதற்கென்றால், சந்தேகம் வந்தால் அலுவலகம் கம்பெனியையே கூப்பிட்டுக் கேட்கக்கூடும்.

தவறு இருந்தால் பேனாவால் திருத்தாதீர்கள். திருத்திய சான்று செல்லாத சான்று. திரும்பக் கொடுத்து வேறு அச்சிட்டு வாங்குங்கள். டைப்பிங் சென்டருக்குப் போவதற்கு முன்பு எல்லாக் காகிதங்களையும் போட்டோ எடுத்து, விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் காட்டிவிடுவது இன்னும் நல்லது.

முதலாளி தர மறுத்தால்?

மறுப்புக்குக் காரணம் என்ன என்று பணிவாகக் கேளுங்கள். மாதிரி தெரியவில்லை என்பதே பல இடங்களில் காரணமாக இருக்கிறது. அப்போது நீங்களே ஒரு மாதிரியை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் முத்திரை வைத்துத் தந்துவிடுவார்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் கதவு முழுவதும் அடைந்துவிடவில்லை. தனியார் கம்பெனியில் இருப்பவரின் வேலை ஒப்பந்தம் மனிதவள அமைச்சகத்தில், அதாவது மொஹ்ரேயில் பதிவாகியிருக்கிறது. அமைச்சகத்தின் செயலி வழியாக அவரே அதைப் பார்த்து எடுத்துக்கொள்ள முடியும். குடும்ப விசாவுக்குச் சம்பளத்தைக் காட்ட, பதிவான இந்த ஒப்பந்தத்தை வைத்தே விண்ணப்பிக்கிறவர்கள் பலர். ஃப்ரீ ஜோன் கம்பெனியில் இருப்பவர்களின் ஒப்பந்தம் அந்த ஃப்ரீ ஜோன் நிர்வாகத்தில் இருக்கும். அவர்களுக்குச் சம்பளச் சான்று கூடுதல் அவசியம். நம் உதாரணச் சகோதரருக்கு ஒப்பந்தம் மட்டும் போதாது. வீடு பற்றிய கம்பெனிக் கடிதம் இல்லாமல் அவரால் 3,000 என்ற அளவைப் பயன்படுத்த முடியாது. அதனால் அவர் சம்பளச் சான்றை விட்டுக்கொடுத்தாலும், அந்த வீட்டுக் கடிதத்தை மட்டுமாவது கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

ஒரு யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். "3,200-ஐ 4,000 என்று போட்டு ஒரு சான்று தயார் செய்து தருகிறேன், இவ்வளவு கொடு" என்று சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் அரசின் பதிவில் இருக்கிறது, மாதச் சம்பளமும் டபிள்யூ.பி.எஸ். வழியாகப் பதிவாகிறது. காகிதத்தில் இருக்கும் எண் அந்தப் பதிவுகளோடு ஒத்துப்போகாதபோது பிடிபடுவது காசு வாங்கியவர் அல்ல, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட உங்கள் மகனோ கணவரோதான். அவருடைய சொந்த விசாவும் வேலையும் போய், வழக்கும் வரலாம். நம் மார்க்கத்தில் பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வேறு நாட்டுத் தூதரகத்துக்கு என்றால்

இதே சகோதரர் லண்டனில் இருக்கும் தம் அண்ணனைப் பார்க்கப் போவதாக வைத்துக்கொள்வோம். அப்போது இந்தச் சான்றையே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கே வீட்டைப் பற்றிய வரி பெரிதாக உதவாது. எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை லீவு கொடுக்கப்பட்டிருக்கிறது, லீவு முடிந்து எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பயணச் செலவை யார் ஏற்கிறார் என்பதை அவர் தம் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும்.

வங்கிக் கணக்கிலும் அவர்கள் பார்ப்பது வேறு. எவ்வளவு பணம் இருக்கிறது என்பதோடு அது எங்கிருந்து வந்தது என்றும் பார்ப்பார்கள். மாதம் 3,200 வருகிற கணக்கில், விண்ணப்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பு திடீரென்று 15,000 ஏறியிருந்தால், கைமாற்று வாங்கிப் போட்ட பணம் என்று நினைக்க இடமாகிவிடும். உண்மையாகவே நிலம் விற்ற பணமோ சீட்டுப் பணமோ என்றால் அதற்கான காகிதத்தையும் சேர்த்து வையுங்கள். காட்டுவதற்காக மட்டும் கடன் வாங்கிப் போடுவதைவிட, இருக்கிற தொகைக்கு ஏற்றபடி பயண நாட்களைக் குறைத்துக்கொள்வதே மேல்.

ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து சான்று தயாராகி வருவதற்குள் உங்கள் பக்கத்து வேலையை முடித்துவிடுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டிலும், பிள்ளைகளின் பாஸ்போர்ட்டிலும், திருமணச் சான்றிலும் கணவரின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் பதிவானது போதும் என்று இருந்துவிட்டவர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறோமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கான அட்டஸ்டேஷனுக்கு அரசின் திருமணச் சான்றுதான் போகும்.

சம்பளச் சான்றின் போட்டோவையும் ஒப்பந்தத்தின் போட்டோவையும் உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி, அதோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்த அலுவலகத்துக்கு, யாருடைய விசாவுக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், மூன்று காகிதமும் ஒத்துப்போகின்றனவா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.